பசிப் பொம்மைக்கு நாலு பட்டன்: குழந்தைக்குத் தமிழில் எண்ணக் கற்றுக்கொடுக்க முழுமையான வழிகாட்டி

என் தங்கை மகளுக்கு அப்போது 3 வயது 4 மாதம். ஒன்று முதல் இருபது வரை ஒரே மூச்சில் சொல்வாள். கேட்பவர்கள் கைதட்டுவார்கள். ஒருநாள் பட்டன் குவியல் ஒன்றை அவள் முன்னால் வைத்து, "எனக்கு நாலு குடு" என்றேன். கை கொள்ளும் அளவுக்கு அள்ளிக் கொடுத்தாள். எண்ணிப் பார்த்தால் ஏழு. மறுபடி கேட்டேன், இந்த முறை ஐந்து வந்தது. அவளுக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

இருபது வரை சொல்லத் தெரிந்த குழந்தைக்கு நாலு என்றால் எவ்வளவு என்று தெரியவில்லை. அவளிடம் இருந்தது ஒரு பாட்டு, எண்ணிக்கை இல்லை. அதன் பிறகு இன்னும் சில வீட்டுக் குழந்தைகளோடும் இதே வேலையைச் செய்து பார்த்தேன். பெரியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அவற்றை வரிசைப்படி எழுதுகிறேன். 3 முதல் 5 வயது வரை உள்ள குழந்தையை மனதில் வைத்து எழுதியது இது.

## 1. எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரே மாதிரியான பத்துப் பட்டன்கள் அல்லது மரக்கட்டைகள். மூடியுள்ள ஒரு தகர டப்பா. ஒரு தட்டு. ஒரு பொம்மை (பழைய காலுறையில் இரண்டு கண் தைத்தாலும் போதும்). அவ்வளவுதான்.

பொருள்கள் ஒரே நிறமாக, ஒரே அளவாக இருக்கட்டும். கலர் கலராக வைத்தால் குழந்தை எண்ணுவதை விட்டுவிட்டுச் சிவப்பைத் தனியாக, நீலத்தைத் தனியாகப் பிரிக்கத் தொடங்கும். அதுவும் நல்ல வேலைதான், ஆனால் வேறு வேலை.

டப்பா தகரமாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் ஓசை. ஒவ்வொரு பட்டன் விழும்போதும் 'டங்' என்று ஒருமுறை கேட்க வேண்டும். மூடி எதற்கு என்பது 6ஆம் பகுதியில் புரியும்.

எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் வயது என்றால் பட்டன் வேண்டாம். 4 சென்டிமீட்டருக்குக் குறையாத கட்டைகளை வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் பத்தும் இருக்கிறதா என்று எண்ணி எடுத்து வைப்பது பெரியவரின் பொறுப்பு.

## 2. குழந்தை எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்

பலரும் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாயால் சொல்லும் எண்ணை வைத்து, "எங்க வீட்டுப் பிள்ளைக்கு இருபது வரை தெரியும், இனி முப்பதுக்குப் போகலாம்" என்று முடிவு செய்கிறார்கள்.

சோதனை எளியது. பத்துப் பட்டனையும் குவித்து வையுங்கள். "ஒண்ணு குடு" என்று கேளுங்கள். வாங்கியதைத் திரும்பக் குவியலில் போடுங்கள். அடுத்து "மூணு குடு", அப்புறம் "ரெண்டு குடு". வரிசையாக 1, 2, 3 என்று கேட்காதீர்கள். முந்தைய முறையைவிட ஒன்று கூட்டிக் கொடுத்தால் போதும் என்று குழந்தை கண்டுபிடித்துவிடும். ஒவ்வோர் எண்ணையும் மூன்று முறை, இடைவெளி விட்டுக் கேளுங்கள்.

மூன்றில் இரண்டு முறையாவது சரியாகத் தந்தால் அந்த எண் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 'மூணு' கேட்டபோது மூன்று தந்த குழந்தை, 'நாலு', 'அஞ்சு' கேட்டபோதும் மூன்றே தந்தால், அதற்கு மூன்று இன்னும் தெரியாது. 'நிறைய' என்பதற்கு அது வைத்திருக்கும் அளவு மூன்று, அவ்வளவுதான்.

கேரன் வின் என்ற உளவியல் ஆய்வாளர் 1990இலும் 1992இலும் வெளியிட்ட ஆய்வுகளில் இந்த 'இத்தனை கொடு' சோதனையைத்தான் பயன்படுத்தினார். குழந்தைகள் ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றின் பொருளை ஒவ்வொன்றாக, இடையில் மாதக்கணக்கில் நேரம் எடுத்துக்கொண்டு கற்கிறார்கள். அதன் பிறகுதான் எண்ணுதல் என்ற செயலின் சூட்சுமம் பிடிபடுகிறது. பிடிபட்டதும் ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் கிட்டத்தட்டச் சேர்ந்தே வந்துவிடுகின்றன. அதனால் மூன்றில் நிற்கும் குழந்தையை மந்தம் என்று நினைக்க வேண்டாம். தாமதம் எல்லாம் தொடக்கத்தில்தான்.

என் தங்கை மகள் ஒன்றையும் இரண்டையும் சரியாகத் தந்தாள். மூன்றில் சறுக்கினாள். ஆகவே எங்கள் ஆட்டம் தொடங்க வேண்டிய இடம் மூன்று. இருபது இல்லை.

## 3. மூணா, மூன்றா? ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள்

வீட்டில் 'மூணு, நாலு, அஞ்சு'. புத்தகத்தில் 'மூன்று, நான்கு, ஐந்து'. அம்மா ஒன்றையும் தாத்தா இன்னொன்றையும் சொன்னால், குழந்தைக்கு அவை வேறு வேறு எண்கள்போலக் கேட்கும். 'ஒண்ணு, ரெண்டு, மூன்று, நாலு, ஐந்து' என்று கலந்து சொல்லும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், 'மூணு, மூன்று, நாலு' என்று இரண்டையும் வரிசையில் சேர்த்து எண்ணிய ஒரு பையன். அவன் கணக்கில் அஞ்சு பட்டன் எப்போதும் நாலுதான்.

பேச்சு வடிவத்தில் தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. குழந்தை நாள் முழுதும் காதில் கேட்பது அதைத்தான். "ரெண்டு செருப்பையும் போடு" என்று சொல்லும் வீட்டில், ஆட்டத்தின்போது மட்டும் 'இரண்டு' என்றால் இரண்டும் ஒன்று என்று அது எப்படி அறியும்? எழுத்து வடிவத்தைப் பத்து வரை எண்ணிக்கை உறுதியான பிறகு, 'இதுக்குப் புத்தகத்துல இன்னொரு பேர் இருக்கு' என்று அறிமுகப்படுத்துங்கள். ஆறு, ஏழு, எட்டு, பத்து நான்கும் இரண்டு வழக்கிலும் அப்படியே இருப்பதால், மாறுபவை ஆறு சொற்கள் மட்டுமே: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஒன்பது.

வீட்டில் எழுத்துத் தமிழே பேசுகிறீர்கள் என்றால் அதிலேயே தொடங்கலாம். எந்த வடிவம் என்பதைவிட, வீட்டில் எல்லோரும் ஒரே வடிவத்தைச் சொல்வது முக்கியம்.

## 4. வரிசையை வாயில் ஏற்றுதல்: ஐந்து முதல் ஒன்பது வரை உள்ள மேடு

பத்துச் சொற்களையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். ரெண்டு, மூணு, நாலு மூன்றும் மெய்யொலியில் தொடங்குகின்றன. அதனால் ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகக் கேட்கும். அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது ஐந்தும் உயிரொலியில் தொடங்குகின்றன. எல்லாச் சொல்லும் உகரத்தில் முடிகிறது. உகரத்துக்குப் பின்னால் உயிர் வந்தால் நம் நாக்கு என்ன செய்யும்? ஒட்டிவிடும். நாலஞ்சு, அஞ்சாறு, ஆறேழு, ஏழெட்டு.

வேகமாகச் சொல்லிக் கேட்கும் குழந்தையின் காதில் நாலிலிருந்து ஒம்பது வரை ஒரே நீளச் சொல்லாகத்தான் விழும். ஏழு காணாமல் போவது அதிகம் பார்க்கும் பிழை. 'ஆறு, எட்டு' என்று தாண்டிவிடுவார்கள். ஏழும் எட்டும் ஒரே இன உயிரில் தொடங்குவதால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடுகிறது.

இதற்கு வைத்தியம் நிறுத்தம். முதல் பத்து நாளைக்குக் குறையாமல், ஒவ்வோர் எண்ணுக்குப் பிறகும் ஒரு முழு மூச்சு இடைவெளி விடுங்கள். படி ஏறும்போது சொல்வது நல்லது. கால் வைத்த பிறகுதான் அடுத்த சொல் வரும், ஆகவே ஒட்ட முடியாது. பந்தை உருட்டி வாங்கும்போது மாறி மாறிச் சொல்வதும் உதவும்: நீங்கள் 'அஞ்சு', குழந்தை 'ஆறு', நீங்கள் 'ஏழு'. ஒருவர் ஒரு சொல் மட்டும் சொல்வதால் எல்லை தானாகப் பிரியும்.

இன்னொரு சிக்கலும் இங்கேதான். "நாலஞ்சு எடுத்துட்டு வா" என்று நாம் சொல்லும்போது அது எண்ணிக்கை இல்லை, குத்துமதிப்பு. "ஒரு ரெண்டு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு இருபது நிமிடம் கழித்துப் போகிறோம். ரெண்டு என்பது திட்டமான அளவு என்று நம்பக் குழந்தைக்கு நாம் அதிகம் காரணம் கொடுப்பதில்லை. இந்தச் சில வாரங்களுக்காவது, குழந்தையிடம் பேசும்போது சரியான எண்ணைச் சொல்லுங்கள். 'ஒரு அஞ்சு' வேண்டாம், 'அஞ்சு' போதும்.

## 5. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்

வரிசை வந்ததும் பட்டன்களை நேர்கோட்டில் வையுங்கள். தொட்டுத் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். குழந்தையின் வாயைக் கேட்பதை நிறுத்திவிட்டு விரலைப் பாருங்கள்.

தமிழில் இங்கே ஒரு தனிப் பொறி இருக்கிறது. பேச்சு வடிவத்தில் ஒண்-ணு, ரெண்-டு, மூ-ணு, நா-லு என்று ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு ஒலித்துண்டு. விரல் சொல்லோடு போகாமல் ஒலித்துண்டோடு போனால், 'ஒண்' என்று ஒரு பட்டன், 'ணு' என்று அடுத்த பட்டன். ஆறு பட்டன்களைத் தொட்டு முடிக்கும்போது வாய் 'மூணு' என்றுதான் சொல்லியிருக்கும். விடை சரியாகப் பாதியாக வந்தால் காரணம் இதுதான் என்று உடனே தெரிந்துகொள்ளலாம். ஒம்பதுக்கு மட்டும் ஒம்-ப-து என்று மூன்று ஒலித்துண்டு. அதனால் எட்டு வரை சரியாக வந்த குழந்தை ஒம்பதில் மட்டும் ஒரு பட்டனைக் கூடுதலாகத் தொட்டுவிடுவதும் உண்டு.

"ஒவ்வொண்ணா தொடு" என்று சொல்லிப் பயனில்லை. தொடுவதற்குப் பதில் நகர்த்தச் சொல்லுங்கள். பட்டனை எடுத்துத் தட்டில் வைத்த பிறகுதான் அடுத்ததை எடுக்க முடியும். நகர்த்தும் நேரத்துக்குள் இரண்டு ஒலித்துண்டும் முடிந்துவிடும், சொல்லும் செயலும் இணைந்துவிடும். எண்ணியது தட்டில், எண்ணாதது தரையில் என்று பிரிந்துவிடுவதால், ஒரே பட்டனை இரண்டு முறை எண்ணுவதும் விட்டுப்போவதும் நின்றுவிடும். எண்ணிக்கைப் பிழைகளில் பல நினைவுப் பிழைகள்தான்: எதை எண்ணினோம் என்பது மறந்துபோகிறது.

விரலைப் பிடித்து நீங்களே நகர்த்தி எண்ண வைக்காதீர்கள். அப்போது சரியாக வருவது உங்கள் எண்ணிக்கை.

## 6. ஆட்டம்: பசிப் பொம்மை

மூன்று வரையாவது நகர்த்தி எண்ண வந்துவிட்டால் ஆட்டத்தைத் தொடங்கலாம். ஒருநாளைக்கு 5 முதல் 7 நிமிடம் போதும். குழந்தை 'இன்னும்' என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

பொம்மையைத் தகர டப்பாவுக்குப் பின்னால் உட்கார வையுங்கள். டப்பாதான் அதன் வயிறு. "இதுக்குப் பட்டன்தான் சாப்பாடு. கேட்ட அளவுதான் சாப்பிடும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். பிறகு பொம்மையின் குரலில் கேளுங்கள்: "எனக்கு மூணு குடு!"

குழந்தை குவியலிலிருந்து எடுத்து முதலில் தட்டில் வைக்க வேண்டும். நேராக டப்பாவில் போட விடாதீர்கள். தட்டு என்பது சரிபார்க்கும் இடம். பொம்மை தட்டைக் குனிந்து பார்க்கும். குறைவாக இருந்தால் "பசி அடங்காதே!" என்று அழும். அதிகமாக இருந்தால் "ஐயோ, வயிறு வெடிச்சிடும்!" என்று பின்வாங்கும். 'தப்பு' என்ற சொல் எங்கும் வரக் கூடாது, விடையையும் நீங்கள் சொல்லக் கூடாது. எல்லாவற்றையும் திரும்பக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். தட்டில் இருப்பதோடு ஒன்றைச் சேர்ப்பதா எடுப்பதா என்று குழந்தையே யோசிக்கட்டும். ஐந்தை வைத்துவிட்டு மூன்றுக்கு இறங்கி வரும்போது அது கற்பதுதான் அதிகம்.

தட்டில் சரியாக வந்ததும், ஒவ்வொன்றாக டப்பாவில் போடச் சொல்லுங்கள். டங், டங், டங். இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். உடனே மூடியைப் போட்டுவிட்டுக் கேளுங்கள்: "எத்தனை சாப்பிட்டுச்சு?"

மூடிக்கு வேலை இங்கேதான். மூடி இல்லாவிட்டால் குழந்தை மறுபடி 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணிக் காட்டும். கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று நினைக்கும். மூடியிருந்தால் எண்ண முடியாது. கடைசியாகச் சொன்ன சொல்லே மொத்தம் என்பது புரிந்திருந்தால்தான் 'மூணு' என்று சொல்ல முடியும். டப்பாவைத் திறக்கச் சொல்லி அடம் பிடித்தாலோ, காற்றில் விரல் வைத்து எண்ணினாலோ அது இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். அப்போது நீங்களே "மூணு சாப்பிட்டுச்சு" என்று முதலில் சொல்லிவிட்டு, திறந்து தட்டில் கொட்டி, எண்ணி, கடைசியில் மொத்தத்தையும் கையால் சுற்றிக் காட்டி "மூணு" என்று மறுபடி சொல்லுங்கள். பெயர், எண்ணிக்கை, மறுபடி பெயர். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். எண்ணி முடித்த சொல்லும் மொத்தத்தின் பெயரும் ஒன்று என்பது இதில்தான் காதில் விழும்.

கேட்கும் எண்களில், தெரிந்த எண் இரண்டு முறை வந்தால் புது எண் ஒருமுறை வரட்டும். என் தங்கை மகளுக்கு 2, 1, 3, 2, 1, 3 என்று கலந்து கேட்டேன். முதல் வாரம் மூன்று கேட்டபோதெல்லாம் கைநிறைய வைத்தாள், பொம்மை அலறும், இறக்கினாள். இரண்டாவது வாரக் கடைசியில், நான்கு வைத்துவிட்டு, பொம்மை வாய் திறக்கும் முன்பே ஒன்றைத் தானே எடுத்தாள். அன்றைக்குத்தான் நாலை வரிசையில் சேர்த்தேன். நாலுக்கு இன்னும் மூன்று வாரம் ஆனது. ஐந்தை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. பொம்மை 'அஞ்சு' கேட்டது, ஒவ்வொன்றாக எண்ணி வைத்து ஐந்தில் நிறுத்தினாள். மறுநாள் ஏழும் வந்தது.

நிறுத்துவதுதான் இதில் கடினம். 'அஞ்சு குடு' என்றால், எண்ணிக்கொண்டே ஐந்தை மனதில் வைத்திருந்து அங்கே நிற்க வேண்டும். பல குழந்தைகள் அஞ்சைத் தாண்டிப் பத்து வரை போய்விடும், வரிசை இழுத்துக்கொண்டு போகும். அப்படி நடந்தால், தொடங்கும் முன் "பொம்மைக்கு எத்தனை வேணுமாம்?" என்று ஒருமுறை கேட்டுச் சொல்ல வையுங்கள். நடுவில் நினைவூட்ட வேண்டாம்.

## 7. பொம்மை தப்பாக எண்ணட்டும்

ஐந்து வரை சரியாக வந்ததும் வேடம் மாற்றுங்கள். இனி பொம்மை எண்ணும், குழந்தை கண்காணிக்கும். நான் பார்த்தவரையில் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

ஒரு நேரத்தில் ஒரே வகைப் பிழை செய்யுங்கள். முதலில் ஒரு பட்டனைத் தாண்டிவிடுங்கள். அடுத்த நாள் ஒரே பட்டனை இரண்டு முறை எண்ணுங்கள். அப்புறம் 'ஆறு, எட்டு' என்று ஏழை விழுங்குங்கள். கடைசியாக, சரியாக நாலு வரை எண்ணிவிட்டு, "அப்படின்னா மொத்தம் அஞ்சு!" என்று முடியுங்கள். முதல் மூன்றைப் பெரும்பாலான குழந்தைகள் உடனே பிடித்துவிடும். நாலாவதைப் பிடிக்கும் குழந்தைக்கு எண்ணிக்கை புரிந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். "பெரியம்மா, அது நாலுன்னு சொல்லிட்டு அஞ்சுங்குது!" என்று என் தங்கை மகள் கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொன்றையும் இடையில் சேருங்கள்: சரியாக, ஆனால் வழக்கத்துக்கு மாறாக எண்ணுவது. வலமிருந்து இடமாக, அல்லது நடுவில் தொடங்கி. 'அது தப்பு' என்று குழந்தை சொன்னால் வாதாட வேண்டாம், "அப்ப நீ அந்தப் பக்கத்திலிருந்து எண்ணிப் பாரு" என்று விடுங்கள். இரண்டு பக்கமும் அதே எண் வருவதைக் குழந்தையே பார்க்கட்டும்.

குழந்தை தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது இந்தக் கட்டம் வேண்டாம். எது விளையாட்டுப் பிழை, எது உண்மை என்று குழம்பிவிடும்.

## 8. பொருளுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒருத்தர்

தனியாக எண்ணும்போது 'ஒண்ணு', பொருளோடு சேர்ந்தால் 'ஒரு பட்டன்'. மற்ற எண்களுக்கு இந்த மாற்றம் இல்லை: ரெண்டு, ரெண்டு பட்டன். ஒன்றுக்கு மட்டும் இரண்டு உருவம். இதைச் சொல்லி விளக்க வேண்டாம். பொம்மை ஒருநாள் "ஒண்ணு குடு" என்றும், இன்னொரு நாள் "ஒரு பட்டன் குடு" என்றும் கேட்டால் போதும், காது கற்றுக்கொள்ளும்.

ஆட்களை எண்ணும்போது 'ரெண்டு பேர், மூணு பேர்'. குழந்தை அதே அச்சில் 'ஒரு பேர்' என்று வார்க்கும். விதியைச் சரியாகப் பிடித்ததால் வந்த பிழை இது. "ஆமா, ஒருத்தர்" என்று சரியான சொல்லில் திருப்பிச் சொல்லிவிட்டு நகருங்கள். ஒருவர், இருவர், மூவர் எல்லாம் படிக்கும் வயதில் வரட்டும்.

கேள்வியிலும் கவனம் தேவை. எண்ணக்கூடியதற்கு 'எத்தனை', அளக்கக்கூடியதற்கு 'எவ்வளவு'. பேச்சில் இரண்டையும் கலந்து விடுகிறோம். ஆட்டத்தில் 'எத்தனை' மட்டும் சொல்லுங்கள். அந்தச் சொல் வந்தால் எண்ண வேண்டும் என்று குழந்தைக்குப் பழகிவிடும்.

## 9. பத்தைத் தாண்டும்போது

பத்துப் பட்டனையும் பிழையில்லாமல் எண்ணி, கேட்ட அளவு தந்த பிறகுதான் இங்கே வர வேண்டும். இன்னும் பத்துப் பட்டன்களைச் சேருங்கள். முதல் பத்தை டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். 'டப்பாவுக்குள்ள பத்து.' வெளியே ஒரு பட்டன் வைத்தால் 'பத்தும் ஒண்ணும், பதினொண்ணு'. நாலு வைத்தால் 'பத்தும் நாலும், பதினாலு'.

தமிழ்ச் சொற்கள் இதில் நமக்கு உதவி செய்கின்றன. பதினாலு, பதினஞ்சு, பதினாறு என்று பத்து முன்னாலும் மிச்சம் பின்னாலும் கேட்கிறது. டப்பா முன்னால், பட்டன் பின்னால் என்று அதே வரிசையில் வைத்தால் காதும் கண்ணும் ஒத்துப்போகும்.

இடறும் சொற்கள் இரண்டு. பன்னெண்டைக் குழந்தை 'பதிரெண்டு' என்று சொல்லும். பத்தொம்பதை 'பதினொம்பது' என்று சொல்லும். இரண்டுமே அமைப்பு புரிந்ததற்கு அடையாளம். சிரிக்காமல் சரியான சொல்லைத் திருப்பிச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் மட்டும் தனியாக, பொம்மை அடிக்கடி கேட்கட்டும்.

இருபதுக்கு மேல் இரண்டு பள்ளங்கள். இருபத்தொம்பதுக்கு அடுத்து 'இருபத்திப்பத்து' வரும். அப்போது இரண்டு டப்பாவோடு மூன்றாவது டப்பாவையும் நிரப்பிக் காட்டி 'முப்பது' என்று பெயர் சொல்லுங்கள். அடுத்தது ஒலிக் குழப்பம்: ஒம்பது, அம்பது, எம்பது மூன்றும் பேச்சில் ஒன்றுபோலவே இருக்கும், அளவோ 9, 50, 80. ஒம்பது 'பது' என்று முடிந்தாலும் இருபது, முப்பதின் குடும்பம் இல்லை. இந்த மூன்றுக்கு மட்டும் எழுத்து வடிவத்துக்குப் போய்விடுவது நல்லது: ஒன்பது, ஐம்பது, எண்பது. வாயை நன்றாகத் திறந்து சொல்ல வையுங்கள். நூறு வரை போக அவசரம் வேண்டாம். தொண்ணூறில் நூறு ஒளிந்திருப்பதால் அங்கே இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது.

## 10. எண்ணுருக்கள் கடைசியில்

1, 2, 3 என்று எழுத வைப்பதில் தொடங்குபவர்கள்தான் அதிகம். பென்சில் பிடிக்கும் கைக்கும் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. எழுத வராததால் எண்ணத் தெரியாது என்று முடிவு கட்டப்பட்ட குழந்தைகள் உண்டு. முதலில் அடையாளம் காணட்டும், எழுதுவது பிறகு.

பழைய தமிழ் எண்ணுருக்களையும் கற்றுத்தர ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சொல்: ௧ 'க'வைப் போலவும், ௨ 'உ'வைப் போலவும், ௭ 'எ'வைப் போலவும், ௮ 'அ'வைப் போலவும் இருக்கும். எழுத்துகளைக் கற்கும் வயதில் இவை உள்ளே வந்தால் இரண்டும் குழம்பும். எழுத்து நன்றாக வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பொம்மையின் வாயைக் கட்டிவிடுங்கள். தொண்டை கட்டிவிட்டது, பேச முடியாது என்று சொல்லுங்கள். இனி அது அட்டை காட்டித்தான் கேட்கும். அட்டையில் பெரிதாக 3. குழந்தை படித்து, எண்ணி, தட்டில் வைக்க வேண்டும். முதல் சில நாள்கள் எண்ணுருவுக்குக் கீழே அத்தனை புள்ளிகளும் இருக்கட்டும். பிறகு புள்ளிகளை விரலால் மறைத்துக் காட்டுங்கள், அப்புறம் புள்ளி இல்லாத அட்டை.

6, 9 அட்டைகளில் அடியில் தடித்த கோடு ஒன்று போட்டுவிடுங்கள். கோடு எப்போதும் கீழே இருக்க வேண்டும் என்று குழந்தைக்குக் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் அட்டை தலைகீழாகத் திரும்பி, ஆறு கேட்ட பொம்மைக்கு ஒன்பது வந்து சேரும். குழந்தை மீது தவறே இருக்காது.